வருஷக் கடைசிப் பிரசங்கத்தில் நான் சொன்ன பொய்

பிரசங்க மேடையின் வலது பக்கம், ஒரு படி கீழே, நான் நின்றுகொண்டிருந்தேன். மேடையில் சிரஸ்தார் ஞானமுத்து. அவர் கையில் ஃபுல்ஸ்கேப் தாள்கள். எதிரே பெஞ்சுகள் நிரம்பி, முன்னால் விரித்த ஜமக்காளமும் நிரம்பி, கதவு வரைக்கும் ஜனம். வருஷத்துக்கு ஒரு தடவை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த கம்பளிகளின் பாச்சை உருண்டை வாசனை கோவில் முழுவதும் மிதந்தது.

என் ரவிக்கையில் குத்தியிருந்த நர்ஸ் வாட்சைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்தைந்து. இன்னும் கால் மணி நேரத்தில் பிரசங்கம் முடிந்தாக வேண்டும்.

சிரஸ்தார் எட்டாவது பக்கத்தை எடுத்து அடியில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒன்பதாவது பக்கம் மேலே வந்தது. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தபோது, அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவர் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. "அது சின்னப் பக்கம்தான் லில்லி, அங்கேயே பார்த்துக்கலாம்" என்று மடித்து வைத்துவிட்டார்.

இப்போது அவர் வாசித்தார்.

"இந்த வருஷத்திலே, நம் சபையார் ஒருவர், ஆலயத்தின் சாவியைத் தம் பாட்டன் சொத்தைப் போலத் தம் இடுப்பில் முடிந்துகொண்டு, கல்யாணக் கோலத்தில் இருந்த ஒரு பெண்ணையும் அவள் தகப்பனையும் நடுவெயிலில் நிற்க வைத்ததை, ஆண்டவர் கண்டார்."

சிரஸ்தார் என் பக்கம் திரும்பினார். அதை நான் கன்னடத்தில் சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்தேன்.

நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால், அங்கே நான் எப்படி வந்து நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை ஒரு போக்கிரி என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒன்பது மணிக்கே பிறந்த புது வருஷம்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்து மூன்று வயது. மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா அதே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். எந்த வாக்கியத்தை எந்த மொழியில் ஆரம்பித்தேன் என்பது பாதி நேரம் எனக்கே தெரியாது.

எங்கள் கோவில் ஒன்று, சபை இரண்டு. கன்னட சபை பெரியது. தமிழ் சபை சின்னது. ஆசிரியர்கள், நர்ஸுகள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், அவர்கள் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை காலையில், கன்னடம் அதற்குப் பிறகு. அதில் தகராறு இல்லை.

தகராறு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிதான். வருஷக் கடைசி இரவு விழித்திருந்து, முழங்காலில் நின்று, மணி அடிக்கும்போது புது வருஷத்துக்குள் போவது எங்கள் சபைகளின் பழைய வழக்கம். அந்தப் பன்னிரண்டு மணி ஒரு ராத்திரிக்கு ஒன்றுதானே வரும்? அதைப் பெரிய சபை எடுத்துக்கொண்டது. எங்களுக்கு ஏழரை முதல் ஒன்பது வரை.

ஒன்பது மணிக்கு நாங்கள் முழங்காலிலிருந்து எழுந்து ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிக்கொள்வோம். வெளியே காத்திருக்கும் கன்னடக்காரர்கள், "உங்க புது வருஷம் வந்தாச்சா? எங்களுக்கு இன்னும் மூணு மணி நேரம் பழசு பாக்கி" என்று சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் ஒரு மாதிரி இருக்கும். பன்னிரண்டு மணிக்குத் தூரத்தில் மணி அடிக்கும். அது எங்களுடையது இல்லை.

அந்த வருஷம் போதகர் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் ஒருவரே நாலு ஊர்ச் சபைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. வருஷக் கடைசி இரவு அவருடைய முறை சாமராஜநகர் பக்கத்துச் சபைக்கு. "மைசூரில் ரெண்டு சபையும் சேர்ந்து ஒரே ஆராதனை. பத்தரைக்கு ஆரம்பம். பிரசங்கம் தமிழ் சபையார் ஒருவர், தமிழில். கூடவே கன்னட மொழிபெயர்ப்பு. மணியும் மேற்பார்வையும் கன்னட சபையார்" என்று பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்.

பிரசங்கம் ஞானமுத்துவுக்கு. கோர்ட்டில் சிரஸ்தார், அதாவது தலைமைக் குமாஸ்தா; சபைப் பிரசங்கிகள் பட்டியலில் பெயர் உள்ளவர். மணியும் மேற்பார்வையும் சாந்தப்பா மேஷ்ட்ருவுக்கு. கன்னடப் பள்ளிக்கூட வாத்தியார். கோவில் சாவி அவரிடம்தான் இருக்கும்.

இந்த இரண்டு பேரும் பதினோரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

வெயிலில் நின்ற கல்யாணம்

காரணம் அந்தச் சாவி. பொங்கல் கழிந்து சிரஸ்தாருடைய ஒரே மகள் பிளாரன்ஸுக்குக் கல்யாணம். பத்து மணிக்கு ஆராதனை. பத்துக்குள் மாப்பிள்ளை வந்தாயிற்று, பெண் வந்தாயிற்று, போதகர் வந்தாயிற்று, பாண்டு வாத்தியமும் வந்தாயிற்று. கதவு பூட்டியிருந்தது. சாந்தப்பா மேஷ்ட்ரு ஊரில் இல்லை, குண்டலுபேட்டைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பதினொன்று அடித்த பிறகு அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமாக வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கிக்கொண்டார். அதற்குள் ஊருக்குள் கதை தயாராகிவிட்டது: போன டிசம்பரில் தமிழ் சபை பன்னிரண்டு மணி ஆராதனையைத் தனக்குக் கேட்டது அல்லவா, அதற்குக் கன்னட சபை கொடுத்த பதில் இது.

சிரஸ்தார் விளக்கம் கேட்கவில்லை. மேஷ்ட்ரு சொல்லவும் இல்லை. அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான்.

டாக்டரம்மா சொன்னதும் நான் சொன்னதும்

மொழிபெயர்க்க யாரைப் போடுவது என்று வந்தபோது, இந்தப் பக்கத்து ஆளை அந்தப் பக்கம் ஒப்பவில்லை. அந்தப் பக்கத்து ஆளை இந்தப் பக்கம் ஒப்பவில்லை. கடைசியில் போதகர், "நம்ம ஆஸ்பத்திரியில் தினமும் அந்தப் பொண்ணுதானே மொழிபெயர்க்குது?" என்றாராம். பெண் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களில் பாதிப் பேர் வீட்டில் நான் ஊசி போட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் மொழிபெயர்த்த லட்சணத்தை யாரும் விசாரிக்கவில்லை.

எங்கள் டாக்டரம்மா ஆங்கிலத்தில் பேசுவார். கை தங்கமான கை. வாய் கொஞ்சம் காரம். பிரசவ வலி வந்து இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்துவிட்டு வந்த பெண்ணைப் பார்த்து, "இவளுக்கு மூளை இருக்கிறதா என்று கேள்" என்பார். நான் அந்தப் பெண்ணிடம், "நல்ல வேளை வந்தீங்க, இனிமே பயமில்லைன்னு டாக்டரம்மா சொல்றாங்க" என்பேன். பெண் கை எடுத்துக் கும்பிடும். டாக்டரம்மா, "பார், திட்டினால்தான் இவர்கள் மரியாதையாக இருக்கிறார்கள்" என்பார்.

இப்படியே மூன்று வருஷம் ஓட்டியிருந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. காதில் கசப்பு விழுந்தால் நாக்கில் சர்க்கரை தானாக வந்துவிடும்.

பதினாலு பக்கம்

டியூட்டி முடிந்து மூன்று சாயங்காலம் சிரஸ்தார் வீட்டுக்குப் போனேன். பிளாரன்ஸ் பிரசவத்துக்கு வந்தவள் அங்கேயே இருந்தாள். இரண்டு மாதத்துக் குழந்தை. எங்கள் வார்டில் பிறந்தது. அவளுடைய அம்மா காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைப்பார். நான் வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைப்பேன்.

முதல் நாள் தமிழில் மட்டும் வாசித்தார். நாற்பத்தெட்டு நிமிஷம்.

"இதோட கன்னடத்தையும் சேருங்க ஐயா" என்றேன். "ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல. புது வருஷம் பிறந்து முக்கால் மணி கழிச்சுத்தான் பழைய வருஷத்தை முடிப்பீங்க."

"எதை விடறது?" என்றார். பரிதாபமாக இருந்தது. அது பிரசங்கமா, பிராதா என்று சந்தேகம் வருகிற மாதிரி எழுதியிருந்தார். முதலாவது குற்றம், இரண்டாவது குற்றம் என்று சபையின் ஒரு வருஷத்துப் பாவங்களுக்கு எண் போட்டிருந்தார். ஜெபக்கூட்டத்தில் தூங்கியது நாலாவது. பாடகர் குழுவில் சண்டை ஆறாவது.

இந்த இரவின் பிரசங்கத்துக்கு ஒரு முறை உண்டு. போதகர் ஊருக்குப் போகுமுன் அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாதி திரும்பிப் பார்ப்பது, பாதி முன்னால் பார்ப்பது. திரும்பிப் பார்க்கும்போது முதலில் நன்றி, அப்புறம்தான் பாவ அறிக்கை. அறிக்கையில் 'நீங்கள்' என்று சொல்லக் கூடாது, 'நாம்' என்றே சொல்ல வேண்டும். முன்னால் பார்க்கும்போது ஜோசியம் சொல்லக் கூடாது; துணை யார் என்று மட்டும் சொல்ல வேண்டும். பதினொன்று ஐம்பதுக்கு முடித்துவிட வேண்டும். ஒரு பாட்டு. ஐம்பத்தைந்துக்கு எல்லோரும் முழங்கால். மணி அடிக்கிற வரை ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரக் கூடாது. அவரவர் வருஷத்தை அவரவர் ஆண்டவரிடம் ஒப்படைக்கிற அஞ்சு நிமிஷம் அது. பிரசங்கமே அந்த அஞ்சு நிமிஷத்துக்குப் படிக்கட்டுதான்.

"ஜனங்க முழங்கால் போடும்போது கோபத்தோட இருக்கக் கூடாது ஞானமுத்து" என்றும் சொன்னாராம். சிரஸ்தார் அதையும் எனக்கு நேர்மையாகச் சொன்னார்.

வெட்டினோம். குற்றப் பட்டியல் முழுக்கப் போயிற்று. அவருடைய வாக்கியங்களையும் உடைக்க வேண்டியிருந்தது. கோர்ட்டுத் தமிழ், ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். "நீங்க மூச்சு விட்டாத்தான் ஐயா நான் பேச முடியும்" என்றேன். ஒரு வாக்கியம், நிறுத்தம், என் வாக்கியம், நிறுத்தம் என்று பழகினோம். மூன்றாம் நாள் இரண்டு மொழியும் சேர்ந்து முப்பத்தைந்து நிமிஷத்துக்குள் வந்துவிட்டது, அந்த ஒன்பதாவது பக்கம் நீங்கலாக.

அதை அவர் வெட்டவும் இல்லை, காட்டவும் இல்லை.

அந்த இரவு

இரவு டியூட்டியை மேட்ரன் வேறொருத்திக்கு மாற்றிக் கொடுத்தார். என் அறைத்தோழி சுசீலா தன் நீலப் பட்டுப் புடவையைக் கட்டிவிட்டாள். அவள் கன்னடக்காரி. "மேலே நிக்கும்போது என்னைப் பார்க்காதே, எனக்குச் சிரிப்பு வரும்" என்று முன்கூட்டியே எச்சரித்தாள்.

பத்தரைக்கு ஆரம்பித்தது. முதல் பாட்டிலேயே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரே ராகம், இந்தப் பாதி தமிழிலும் அந்தப் பாதி கன்னடத்திலும் ஒரே சமயத்தில் பாடியது. வார்த்தைகள் மோதிக்கொண்டன, ராகம் மோதவில்லை. யார் சத்தம் பெரிது என்று இரண்டு பக்கமும் போட்டியில் இறங்கியதில், கடைசி அடியில் கூரை ஓடுகள் எழும்பிவிடும் போல இருந்தது.

அறிக்கை ஜெபம். சங்கீதம், ஒரு வசனம் தமிழ், ஒரு வசனம் கன்னடம். பிறகு பதிவேட்டிலிருந்து பெயர்கள்: அந்த வருஷம் பிறந்தவர்கள், மணமுடித்தவர்கள், மரித்தவர்கள். மரித்தவர்கள் பெயர் வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றோம். அதில் என் வார்டில் நாலு நாள் இருந்த குழந்தை ஒன்று. அதன் தாய் கன்னடப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

பதினொன்றே காலுக்குப் பிரசங்கம். நன்றாகவே போயிற்று. சிரஸ்தார் என்னைப் பார்த்து நிறுத்தினார், நான் சொன்னேன், அவர் தொடர்ந்தார். மழை பொய்த்தும் கிணறு வற்றாததற்கு நன்றி. ரேஷன் அரிசியிலும் பகிர்ந்து உண்டதற்கு நன்றி. இரண்டு பேர் ஒரே வண்டியை இழுக்கிற மாதிரி கால் சேர்ந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பரவசம். இந்த ஜனமெல்லாம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

அப்போதுதான் ஒன்பதாவது பக்கம் வந்தது.

நாக்கு செய்த வேலை

சிரஸ்தார் வாசித்து முடித்து என் பக்கம் திரும்பினார். கதவருகே கடைசி பெஞ்சில், மணிக் கயிற்றுக்குப் பக்கத்தில், சாந்தப்பா மேஷ்ட்ரு உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரம். முகம் செத்துப்போயிருந்தது.

என் நாக்கு என்னைக் கேட்கவில்லை. கணீரென்று கன்னடத்தில் நான் சொன்னது இதுதான்:

"இந்த வருஷம் நம் சபையார் ஒருவர் ஆலயத்தின் சாவியைத் தம் உயிரைப் போல ஜோபானமாகக் காப்பாற்றினார். ஒரு கல்யாணப் பெண் உள்ளே போகும்படி கதவையும் திறந்துவிட்டார். அவருக்காக ஆண்டவருக்கு நன்றி."

சொல்லி முடித்து வாயை மூடிய பிறகுதான் உறைத்தது. இது ஆஸ்பத்திரி இல்லை. அங்கே டாக்டரம்மாவுக்குக் கன்னடம் தெரியாது, நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாது. இங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் இரண்டு மொழியும் தெரியும். கன்னடக்காரர்கள் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள். தமிழர்கள் கன்னடத்தில் காய்கறி வாங்கி, கன்னடத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள். மொழிபெயர்ப்பு வைத்தது புரியாததால் இல்லை. மரியாதைக்காக. இத்தனை நேரமும் எல்லோரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்!

சிரஸ்தாரின் காது சிவந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து 'களுக்' என்று ஒரு சத்தம் வந்தது. பார்த்தால், பிளாரன்ஸ். வெயிலில் நின்ற அதே கல்யாணப் பெண். குழந்தையின் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது சுசீலா. தன்னைப் பார்க்காதே என்றிருந்தாள், பார்த்துவிட்டேன். பிறகு கன்னடப் பக்கம், பிறகு தமிழ்ப் பக்கம். அடக்க அடக்கச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. பாட்டில் எழும்பாத கூரை சிரிப்பில் எழும்பிவிட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து சாந்தப்பா மேஷ்ட்ரு எழுந்தார். சிரிப்பு பட்டென்று நின்றது. தமிழிலேயே பேசினார்.

"சிஸ்டர் சொன்னது சுள்ளு. பொய். நான் சாவியை ஜோபானமா வெச்சுக்கலை. மறந்துட்டேன். கோட்டுப் பையில அது இருக்குன்னே தெரியாம குண்டலுபேட்டைக்குப் போயிட்டேன். ராத்திரி கோட்டைக் கழட்டினா பை கனமா இருந்துச்சு. அப்போ கடைசி பஸ்ஸும் போயிடுச்சு. விடிய விடிய பஸ் ஸ்டாண்டுலயே உட்கார்ந்திருந்தேன். காலைல வந்த முதல் பஸ்ஸும் வழியில நின்னுபோச்சு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேஷ்ட்ரே!" என்றது தமிழ்ப் பக்கத்துக் குரல் ஒன்று.

"எப்படிச் சொல்றது? நான் வாத்தியார் அல்லவா? மறந்துட்டேன்னு சொல்ற பையனைத் தினம் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெக்கிறவன். எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"அப்போ ஏறுங்க மேஷ்ட்ரே!" நடுவிலிருந்து யாரோ கத்தினான். அவரிடம் படித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

மேஷ்ட்ரு செருப்பைக் கழற்றினார். கச்ச வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயதில், கோவில் பெஞ்சின்மேல் ஏறி நின்றார். காதைப் பிடித்துக்கொள்வதா வேண்டாமா என்ற யோசனையில் கை பாதியில் நின்றது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சிரஸ்தாரைப் பார்த்தோம்.

சிரஸ்தார் ஒன்பதாவது பக்கத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், மறுபடி பக்கத்தைப் பார்த்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு கோர்ட்டில் பேசுகிற கன்னடத்தில், சபைக்கு முன்பாக, "வாதி தன் தாவாவை வாபஸ் வாங்கிக்கொள்கிறார்" என்றார். "தாமதத்துக்குக் காரணம் கேட்காமலே ஒருவரைப் பதினோரு மாதம் தண்டித்ததற்கு வாதி மன்னிப்புக் கேட்கிறார். நீங்க கீழ இறங்குங்க, விழுந்துடப் போறீங்க."

என் பக்கம் திரும்பினார். "லில்லி, மொழிபெயர்."

"தமிழிலயா ஐயா?"

"பின்னே? இந்தத் தடவை சொன்னதை மட்டும் சொல்லு."

சொன்னேன். யாருக்கும் தேவையில்லாத அந்த மொழிபெயர்ப்பை ஒரு எழுத்து மாறாமல், கண்ணீர் வழிய வழியச் சொன்னேன்.

மீதி அஞ்சு பக்கம்

"மணி என்ன?" என்றார் சிரஸ்தார் மெதுவாக. "ஐம்பது ஆச்சு" என்றேன். முன்னால் பார்க்கிற பாதி முழுக்க, அஞ்சு பக்கம், அப்படியே கிடந்தது.

அவர் தாள்களைப் பார்க்கவில்லை. ஒரு தடவை பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டிக் காட்டு வழியில் பஸ்ஸில் போனதைச் சொன்னார். விடியற்காலைப் பனி. விளக்குப் போட்டும் வழி தெரியவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். கண்டக்டர் இறங்கி, கையில் ஒரு வெள்ளைத் துண்டை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்தது.

"வரப்போற வருஷத்தில் நமக்கு வழி தெரியாது" என்றார். "முன்னால ஒருத்தர் நடக்கிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஜெபம் பண்ணுவோம்."

பாட்டுக்கு நேரமில்லை. முழங்கால் போட்டோம்.

அந்த அஞ்சு நிமிஷ மௌனத்தைப் பற்றி நான் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் நிமிஷம் முழுக்கச் சிரிப்பை அடக்கினேன். மேஷ்ட்ரு பெஞ்சில் நின்ற கோலம் கண்ணை மூடினால் வந்தது. கண்ணைத் திறந்தால் அங்கங்கே தோள்கள் குலுங்குகிற அசைவு, மூக்கால் வெடிக்கிற மூச்சு. சிரிப்பு அடங்கியதும் அந்த நாலு நாள் குழந்தையின் ஞாபகம் வந்தது. அதன் தாயிடம், "எல்லாம் சரியாயிடும்னு டாக்டரம்மா சொல்றாங்க" என்று நான் சொல்லியிருந்தேன். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. அதற்காகவும் அழுதேன். சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. அப்புறம் உள்ளே லேசாகிவிட்டது. இறக்கை முளைத்தது போல.

அமைதி நீண்டது. நீண்டுகொண்டே போயிற்று. கால் மரத்துவிட்டது. ஒரு கண்ணைத் திறந்து வாட்சைப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டி நாலு நிமிஷம்!

மேடையில் முழங்காலில் இருந்த சிரஸ்தாரும் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார்.

"மேஷ்ட்ரே!" என்றார் கோவில் முழுக்கக் கேட்கும்படி. "மணி!"

"அய்யோ!" என்று கதவருகே ஒரு குரல். "மரெத்து பிட்டே!"

மறந்துபோய்விட்டார்! அதற்குமேல் யாரால் முழங்காலில் இருக்க முடியும்? மணி அடித்தது, தாறுமாறாக, நிற்காமல். கோவில் எழுந்து நின்று சிரித்தது. போதகர் இல்லாததால் ஆசீர்வாதத்தை 'உங்களோடு' என்று சொல்லாமல் 'நம்மோடு' என்று முறைப்படி வேண்டிக்கொண்டார் சிரஸ்தார். அதற்கு விழுந்த ஆமென்னில் எந்த மொழி என்று பிரிக்க முடியவில்லை. பிறகு சிரஸ்தார் நேராகக் கதவுக்கு நடந்துபோய் மேஷ்ட்ருவின் கையைப் பிடித்துக்கொண்டார். மேஷ்ட்ரு மறு கையால் இன்னும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காப்பி

புது வருஷத்தன்று மத்தியானம் மன்னிப்புக் கேட்கச் சிரஸ்தார் வீட்டுக்குப் போனேன். ராத்திரியின் தலைசுற்றல் இறங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு மனுஷர் மேடையில் சொன்னதை நான் திரித்துவிட்டேன்; அது சின்னக் காரியம் இல்லை.

அவர் என்னை உட்காரச் சொன்னார். சிரிக்கவில்லை.

"அந்தப் பக்கத்தை எழுதினது தப்பு. அதை ஒத்துக்கிறேன்" என்றார். "போதகர் சொல்லியும் எழுதினேன். ஆனா ஒண்ணு லில்லி. எல்லாரும் சிரிச்சாங்க, மேஷ்ட்ருக்குச் சமாதானம் ஆச்சு, எனக்கும் ஆச்சு. என் பொண்ணு அன்னிக்கு வெயில்ல ஒரு மணி நேரம் நின்னாளே, அதை யாரும் கேக்கலையே. அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்?"

பிளாரன்ஸ் காப்பித் தட்டோடு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். "அப்பா, நான் வெயில்ல நிக்கலை. அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில நின்னேன்."

"எங்கே நின்னா என்னம்மா, நின்னது நின்னதுதானே?"

"அவரும் அங்கதான் நின்னார்."

சிரஸ்தாருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்க ஆரம்பித்தது.

"பொண்ணு பார்க்க வந்தப்போ ஒரு வார்த்தை பேசிக்கலை. நிச்சயத்தப்பவும் பேசலை. நேரா உள்ள போய், மோதிரம் மாத்திட்டு, ஊர் தெரியாத ஊருக்கு அவரோட ரயிலேறப் போறேன்னு எனக்கு ராத்திரியெல்லாம் பயமா இருந்துச்சு. கதவு பூட்டியிருந்துச்சு. நீங்க எல்லாரும் சாவியைத் தேடி ஆளுக்கொரு பக்கம் ஓடிட்டீங்க. எங்களைக் கவனிக்க யாரும் இல்லை. ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தோம் அப்பா." தட்டைக் கீழே வைத்தாள். "கதவு திறந்தப்போ, இவ்வளவு சீக்கிரம் திறந்துட்டாங்களேன்னு இருந்துச்சு."

சிரஸ்தார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீங்க அவ்வளவு கோபமா இருந்தீங்க. நான் சந்தோஷமா இருந்தேன்னு எப்படிச் சொல்றது?"

உள்ளே குழந்தை சிணுங்கியது. அவள் போகத் திரும்பினாள்.

"அப்படி ஒரு மணி நேரம் என்னதான் பேசினீங்க?" என்றார் அப்பா.

பிளாரன்ஸுக்கு முகம் முழுக்க ரத்தம் ஏறியது. "அதெல்லாம் சொல்ல முடியாது" என்று உள்ளே ஓடிவிட்டாள்.

எத்தனையோ வாக்குமூலங்களை வாங்கிப் பதிவு செய்தவர், இந்தச் சாட்சியை மட்டும் மறுபடி கூப்பிடவில்லை. காப்பி டம்ளரைக் கையில் எடுத்தவருக்கு, ஒரு வாய் குடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் நான் பார்த்தேன். வேட்டியெல்லாம் காப்பி.